போர்டில் நின்ற பூவரசு

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், அதற்கப்புறம் பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் அடிக்கடி மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அதற்கும் கூச்சம். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய் திறக்காது. அப்படிப்பட்டவள் ஒரு தடவை வாயைத் திறந்ததால் வந்த கதைதான் இது.

மரக்காணத்தில் ஈசிஆர் ரோட்டு மேல் ஒரு மனை விற்கிற ஆபீசில் வேலை செய்கிறேன். கூட்டிப் பெருக்குவது, டீ போடுவது, மனை பார்க்க வர்றவங்களோடு வேனில் போய் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது. அதற்கு முன்னால் உப்பளத்தில் இருந்தேன். முட்டி போனதும் அந்த வேலை முடியாமல் போய் இங்கே வந்தேன். ஆபீஸ் என்று சொன்னாலும் ஒரு ஷட்டர் போட்ட ரூம்தான். முதலாளி, டைப் அடிக்கிற ஒரு பொண்ணு, வேன் ஓட்டுகிற ஒரு ஆள், நான். முதலாளி முன்னே சிமெண்டுக் கடை வைத்திருந்தவர். மனை போட்டு விற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன், வயசில் என் மகன் மாதிரி இருந்தாலும்.

மனை போட்ட இடம் ரோட்டுக்கு மேற்கால, கூனிமேட்டுப் பக்கம் போகிற வழியில். அதற்கு ஒரு பெரிய கலர் படம் செய்து ஆபீஸ் வாசலில் போர்டாக மாட்டியிருந்தார்கள். அதே படம் சின்னதாக நோட்டீசிலும் இருக்கும். பாண்டிச்சேரியில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தானாம். பார்த்தால் போட்டோ மாதிரியே இருக்கும். கருப்பாகப் பளபளவென்று ரோடு, இரண்டு பக்கமும் மரம், பெஞ்சு, ஒரு குழந்தை சைக்கிள் விடுவது. தினமும் அந்தப் போர்டைத் துணியால் துடைப்பது என் வேலை. ரோட்டுப் புழுதியும் உப்புக் காத்தும் சேர்ந்து அதன் மேல் பிசுபிசுவென்று படியும்.

துடைக்கும்போதெல்லாம் முன்னால் நிற்கிற மரத்தைப் பார்ப்பேன். அது பூவரசு. இலை அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் ஒரு கிளை தாழ வந்து, முழங்கை மாதிரி மடங்கி மேலே போகும். உப்பளத்தில் நாங்கள் கஞ்சி குடிக்க உட்காருகிற மரமும் அப்படித்தான். அந்த மடங்கின கிளையில்தான் தூக்குவாளியை மாட்டுவோம். எத்தனையோ வருஷம் அதன் நிழலில் உட்கார்ந்தவள் நான். நம்ம மரத்தைத்தான் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இதைப் போய் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மனை பார்க்க வேன் போனது. நான் கூடப் போனது அதுதான் முதல் தடவை. வழியிலேயே மழை. நம்ம பக்கத்து மண் நனைந்தால் வண்டிச் சக்கரத்தை விடாது. அதனால் உள்ளே போக முடியவில்லை. வாசல் வளைவு கட்டியிருக்கிற இடத்திலேயே வேனை நிறுத்தி, குடை பிடித்துக்கொண்டு தூரத்தில் இருந்தே கை காட்டினார்கள். மழையில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் வேனுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வந்தவர்களில் ஒரு அம்மா, திண்டிவனம். பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவரை வெளியே கொண்டுவந்து உட்கார வைக்க இடமில்லை. உள்ளேயே கிடந்து கிடந்து யாரிடமும் பேசுவதில்லை என்று சொன்னார்கள். கடல் காத்து வர்ற இடத்தில் கீழ் வீடாகச் சின்னதாகக் கட்டி, மர நிழலில் அவரை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவங்க ஆசை.

நான் பொட்டலம் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாங்க.

"ஆயாம்மா, நீங்க இந்த ஊர்தானே?"

"ஆமாங்கம்மா."

"விக்கிறவங்க ஆயிரம் சொல்வாங்க. நீங்க சொல்லுங்க. இந்தப் படத்துல இருக்கிற மரமெல்லாம் நெஜமாவே இருக்குதா?"

என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் டீயில் சக்கரை போட்டாச்சா என்று கேட்பார்கள். ஒரு படிச்ச அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. பெருமைதான், வேறென்ன.

"இருக்குதும்மா," என்றேன். "முன்னாடி நிக்கிற பூவரசு எனக்கு நல்லாத் தெரியும். அதுங்கீழ உக்காந்துதான் நாங்கல்லாம் கஞ்சி குடிப்போம். நல்ல நிழலு."

அவங்க முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்த வாரமே வந்து முன் வரிசையில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கட்டினாங்க. போகும்போது என்னைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாங்க. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்புறம் ஒரு நாள் அந்த அம்மா போன் பண்ணினாங்க. சார் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், அதனால் எனக்கும் கேட்டது.

"சார், ரோடு போடும்போது அந்தப் பெரிய மரத்த மட்டும் வெட்டிடாதீங்க. அதப் பார்த்த மாதிரிதான் வராண்டா வைக்கணும்னு இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கேன்."

சார் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "எந்த மரம்மா?" என்றார்.

"அதான் சார், போர்டுல முன்னாடி இருக்குதே, பூவரசு."

"பார்த்துட்டுச் சொல்றேம்மா," என்று சொல்லி போனை வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டைப் அடிக்கிற பொண்ணைக் கூப்பிட்டு, "ஒரு லெட்டர் அடிக்கணும்மா. அங்க மரமே இல்ல. அந்தம்மா இருக்குதுன்னு நெனச்சிட்டு வீடு பிளான் போடறாங்க," என்றார்.

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது, மூடத் தோன்றவில்லை.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, ஆனால் பட்டென்று பேசும். "நோட்டீஸ்ல அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கோமே சார், இது கற்பனைப் படம்னு. அதையே இங்கிலீஷ்ல ஒரு வரி அடிச்சு அனுப்பினாப் போதும்."

"அந்தச் சின்ன எழுத்த நீ படிச்சியா?"

"நான்தான சார் அடிச்சேன்."

"அடிச்சதக் கேக்கல. ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தா அதப் படிப்பியான்னு கேக்கறேன்."

அந்தப் பொண்ணு சிரித்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. வக்கீலிடம் போனில் பேசினார். படத்தை நம்பி ஒருத்தர் பணம் கட்டிவிட்டு, அந்தப் படம் சரியில்லை என்று ஆனால், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி வாங்க அவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதாம். அக்ரிமெண்ட் போடுகிறதற்கு முன்னாலேயே எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் என்றாராம் வக்கீல். அப்புறம் சார் தமிழிலேயே சொல்லச் சொல்ல, அந்தப் பொண்ணு அடித்தது. எனக்கு நினைவு இருக்கிற வரைக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த படம் கம்ப்யூட்டரில் வரைந்த மாதிரிப் படம். அதில் உள்ள மரம், புல்தரை, பெஞ்சு எல்லாம் நாங்கள் இனிமேல் செய்ய நினைத்திருப்பவை. இன்றைய தேதியில் இடத்தில் எந்த மரமும் கிடையாது. ரோட்டு வேலை முடிந்த பிறகு ரோட்டோரமும் பார்க்குக்கு விட்ட இடத்திலும் கன்று வைப்போம். ஆனால் அவை வளர்ந்து நிழல் தரப் பல வருஷம் ஆகும். ரோடும் பார்க் இடமும் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கப்படும். அப்ரூவல் ஆன மேப்பில் மனையின் அளவும் ரோடும் பார்க்கும்தான் இருக்கின்றன, மரம் எதுவும் அதில் கிடையாது. படத்தைப் பார்த்து நீங்கள் மனை பேசியிருந்தால், விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்து அட்வான்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புரிந்துகொண்டு மனை வேண்டும் என்றால், இதன் காப்பியில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

அப்படித்தான் இருந்தது. கடைசியில், இதனால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று போட்டார்கள். சார் அதைப் படித்துப் பார்த்து, "வருந்துகிறோம்னு எல்லாரும்தான் போடறாங்க," என்றார். ஆனால் மாற்றவில்லை.

அந்த லெட்டரை ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வரச் சொல்லி என் கையில்தான் கொடுத்தார்கள். போஸ்டாபீஸ் வரைக்கும் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வழியில் நின்று, திரும்பிப் போய் நான்தான் சார் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். கால் முன்னால்தான் போனது. அப்போதும் என் மனசுக்குள், மரமே இல்லை என்று சார் எப்படிச் சொல்கிறார், எனக்குத் தெரியாத மரமா, என்று ஒரு முரண்டு இருந்தது. அடுத்த நாள் காலையில் போர்டைத் துடைக்கும்போது நன்றாகக் கிட்டே போய்ப் பார்த்தேன்.

முன்னால் நிற்கிற மரத்தில் கிளை இடது பக்கம் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அதற்குப் பின்னால் நிற்கிற மரத்திலும் அதே கிளை, அதே மடக்கு. அதற்கும் பின்னால் அதே. எதிர்ப் பக்கம் நிற்கிற மரங்களில் அந்தக் கிளை வலது பக்கம் இருந்தது, கண்ணாடியில் பார்த்த மாதிரி. ஒரே மரத்தைத்தான் சின்னதும் பெரிசுமாக வரிசைக்கு நிறுத்தியிருந்தான் அந்தப் பையன். தினமும் துடைத்தவள் நான். ஒரு மரத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் வெறுமனே துடைத்திருக்கிறேன்.

துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். டைப் பொண்ணு, "என்னா ஆயா, மூஞ்சி வெளிறிக் கெடக்குது? சுகர் செக் பண்ணியா?" என்றது. தலையாட்டினேன்.

லெட்டர் கிடைத்ததும் அந்த அம்மா நேராகவே வந்துவிட்டாங்க. பஸ்ஸில் வந்த களைப்பு, புடவையெல்லாம் கசங்கியிருந்தது. கவரை மேஜை மேல் வைத்தாங்க. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"படம்னா கொஞ்சம் கூடக்கொறைய இருக்கும்னு எனக்கும் தெரியும் சார். அதனாலதான் படத்த மட்டும் நம்பாம உங்க ஆளுங்ககிட்ட கேட்டேன். இருக்குதுன்னு சொன்னாங்க."

சாருக்கு முகம் மாறியது. வாசலில் நின்ற டிரைவரைக் கூப்பிட்டார். மனை விற்க வேண்டும் என்று வேனில் அள்ளிவிடுவது அந்த ஆளுக்குப் பழக்கம். ஏர்போர்ட் வரப்போவுது, மெட்ரோ வரப்போவுது என்பான்.

"ஏம்பா, மரம் இருக்குதுன்னு நீதான் சொன்னியா?"

"சார், சத்தியமா நான் மரத்தப் பத்திப் பேசல. பீச்சு பக்கம்னு சொன்னேன், அது நெஜம்தானே."

"நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா? வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியே."

"நான் சொன்னேன்னா ஒத்துக்குவேன் சார். பொய் சொன்னா சொன்னேன்னுதான் சொல்வேன்."

டைப் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாங்க. அவங்களுக்குத் தெரியும் யார் என்று. நான் மூலையில் நின்றதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தாங்க. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை.

"நான்தான் சார் சொன்னேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

சார் என்னையே பார்த்தார். "நீங்களா ஆயாம்மா?"

"படத்துல இருக்கிறது எங்க உப்பளத்து மரம்னு நெனச்சிட்டேன் சார்."

டிரைவர், "போச்சுடா," என்று மெதுவாகச் சொன்னான். அப்புறம் எனக்காகவோ என்னமோ, "படம் அப்பிடி சார், நானே ஒரு தபா குழந்தை சைக்கிள் எங்கன்னு தேடினேன்," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

சார் எழுந்து, "வாங்கம்மா, இடத்தையே போய்ப் பாத்துடலாம். அன்னைக்கு மழையில காட்டினது தப்பு," என்றார். என்னையும் வரச் சொன்னார். வேனில் நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நல்ல வெயில். வளைவைத் தாண்டி உள்ளே போனோம். சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டு வழித்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லு வரிசையாக நின்றது. ஜல்லி கொட்டி உருட்டின ரோடு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் நிழல் என்று சொல்ல ஒரு கை அகலம் இல்லை. நாங்கள் வந்த வேனின் நிழல் மட்டும்தான். சார் மேப்பை விரித்து, அந்த அம்மாவின் மனை எது, பார்க்குக்கு விட்ட இடம் எது என்று காட்டினார். பார்க் இடத்தில் குழி வெட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

"இங்க போர் போட்டா தண்ணி உப்பு கரிக்கும்மா," என்றார் சார். "கன்னு வெச்சா டேங்கர் தண்ணிதான் ஊத்தணும். ஊத்துவேன். ஆனா எல்லாமே புடிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

நான் கிழக்கால பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் உப்பளம் ரோட்டைத் தாண்டி, கால்வாயையும் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து இந்த இடத்துக்கு மரம் எப்படி வரும்? திக்கு தெரியாதவளா நான். உப்பு வாரின இடத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கிழக்கும் மேற்கும் மாறிப்போயிருக்கிறது, ஒருத்தர் கையைப் பிடித்துக் கேட்டார் என்பதற்காக.

அந்த அம்மா தன் மனைக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாங்க. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாங்க.

"சார், கன்னு நிழல் குடுக்க எவ்வளவு நாள் ஆவும்?"

"அஞ்சாறு வருஷம் வெச்சுக்குங்கம்மா. உக்கார்ற மாதிரி நிழல்னா அதுக்கும் மேல."

எனக்குப் பொறுக்கவில்லை. பூவரசுக்குக் கன்று வைக்க வேண்டாம், கை மொத்தத்துக்குக் கிளையைப் போத்தாக வெட்டி நட்டாலே தழைந்துவிடும், இந்த உப்பு மண்ணுக்கு அதுதான் வரும், சீக்கிரம் நிழல் கொடுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். "அம்மா, பூவரசுன்னா சீக்கிரமா..." என்று தொடங்கினேன்.

சார் கையைக் காட்டினார். கோபமாக இல்லை. "ஆயாம்மா, மரத்தப் பத்தி மட்டும் இனிமே நீங்க பேசாதீங்க."

அந்த அம்மா முன்னால் அப்படிச் சொன்னார். சொன்னது நியாயம்தான். எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. வேன் நிழலில் போய் நின்றுகொண்டேன். டிரைவர் தண்ணி பாட்டிலை நீட்டினான். "குடி ஆயா. நான் தெனமும் இப்பிடித்தான் திட்டு வாங்கறேன், எனக்கு என்னா கொறஞ்சு போச்சு," என்றான். நான் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்னால் அவன் வேலை போயிருக்கும், அதை நினைக்காமல் எனக்குத் தண்ணி கொடுக்கிறான். அதுவும் கூச்சமாகத்தான் இருந்தது.

அங்கேயே அந்த அம்மா சொல்லிவிட்டாங்க. "எனக்கு வேணாம் சார். நீங்க மரம் வைப்பீங்க, அது வளரும், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அவருக்கு அத்தன வருஷம் இருக்குதான்னு எனக்குத் தெரியும். நான் எத்தினி பேரப் பார்த்திருக்கேன்."

 ஆபீசுக்கு வந்ததும் சார், விருப்பமில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு செக் கொடுத்தார். அலைச்சலுக்கு என்று தனியாகக் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தார், அந்த அம்மா வாங்கவில்லை.

நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.  அந்த அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டாங்க.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

"நீங்க பொய் சொல்லலயே ஆயாம்மா."

"பொய்யா சொல்லியிருந்தாக்கூட உங்களுக்கு என்மேல கோவப்பட வழி இருந்திருக்கும்."

அவங்க டீயை ஊதிக் குடித்தாங்க. "நான் அவர்கிட்ட மரத்தப் பத்தி சொல்லிட்டேன்," என்றாங்க. "அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்குது. ரொம்ப நாளைக்கு அப்புறம், என்ன மரம்னு ஒரு வார்த்தை கேட்டாரு."

 டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அவங்க போகும்போது வெளியே வந்து நிற்கவில்லை.

இப்போது அந்தப் போர்டில், படம் மாதிரி மட்டுமே, மரங்கள் இனிதான் வைக்கப்படும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். துடைக்கும்போது அந்த எழுத்து மேல் துணி போகிற ஒவ்வொரு தடவையும் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறேன். யாராவது நின்று படித்தால் உள்ளே வந்துவிடுவேன். அந்த அம்மா வேறு எங்கேயாவது மனை வாங்கினாங்களா, அவர் எப்படி இருக்கிறார், ஒன்றும் தெரியாது. சாரிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது?

லெட்டரில் இருந்ததை நான் மனசில் இருந்துதான் எழுதியிருக்கிறேன். சட்டத்தைப் பற்றி வக்கீல் சொன்னதாகச் சொன்னதும், பார்க்கைப் பஞ்சாயத்துக்குக் கொடுப்பதைப் பற்றிச் சொன்னதும் அரைகுறையாகக் காதில் விழுந்தது. டைப் அடிக்கிற பொண்ணிடம் அதன் காப்பி இருக்கும். இதை முதலில் படிக்கிறவர்கள் வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் அதோடு ஒத்துப் பார்த்து, நான் எங்கேயாவது இல்லாததை இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதைக் கோடு போட்டு அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.